0-0-1: இரவு மாத்திரையின் மணிக்கணக்கு

புரோஸ்டேட் வீக்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ‘0-0-1’ என்றுதான் இருக்கும். காலையில் இல்லை, மதியம் இல்லை, இரவு ஒன்று. மருந்துக்கடைக்காரர் அட்டையின் பின்பக்கம் பேனாவால் ‘நைட்’ என்று கிறுக்கிக் கொடுப்பார். ஏன் இரவு என்று கேட்டால், “தலை சுத்தும் சார், தூங்கிட்டா தெரியாது” என்பார். அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் அந்தப் பதில் எந்த மாத்திரைக்காகப் பிறந்தது, இன்று நம்மவர்கள் அதிகம் விழுங்கும் மாத்திரைக்கும் அது பொருந்துமா என்பது கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய கணக்கு.

முதலில் இந்த மாத்திரைகள் செய்வது என்ன? இளவயதில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி, வயது ஏற ஏறப் பெருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் ஒரு பங்கு சுரப்பியின் பருமனால் வருவது. இன்னொரு பங்கு, சுரப்பிக்குள்ளும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசை இறுகுவதால் வருவது. டெராசோசின், டாக்சாசோசின், டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின் ஆகிய ஐந்தும் ஆல்ஃபா தடுப்பான்கள் என்ற ஒரே குடும்பம். இவை சுரப்பியைச் சிறிதாக்குவதில்லை, தசையைத் தளர்த்துகின்றன. அதனால்தான் சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. சுரப்பியையே சுருக்கும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு வேறு வகை. அவற்றின் பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகலாம். இரத்த அழுத்தத்தோடு அவற்றுக்குப் பெரிதாகச் சம்பந்தமும் இல்லை.

தசையை இறுக்கும் அதே ஆல்ஃபா ஏற்பிகள் இரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கின்றன. சிக்கல் இங்கேதான். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ஆக, பத்தில் ஒரு பங்கு சில நொடிகளில் கீழே போகிறது. உடனே கழுத்து நாடியில் உள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தை விரைவுபடுத்தி, குழாய்களை இறுக்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஆல்ஃபா தடுப்பான் சாப்பிட்டவரின் குழாய்க்கு ‘இறுகு’ என்ற அந்த உத்தரவு பாதிதான் போய்ச் சேரும். கண் இருட்டிக்கொண்டு வருவது அப்போதுதான்.

இதை அளக்க ஒரு கோடு உண்டு. ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு ஒரு முறை, நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது அழுத்தம் சரியும் கோளாறு இருக்கிறது என்று கொள்வார்கள். நாற்காலியில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ‘130/80, நார்மல்’ என்று அனுப்பினால் இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

இனி ‘இரவு’ என்ற சொல் வந்த வழி. 1970களில் உயர் இரத்த அழுத்தத்துக்காக பிராசோசின் என்ற மருந்து வந்தது. முதல் மாத்திரையே 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் மயங்கி விழுந்தார். விழுந்ததும் எப்போதோ இல்லை. பெரும்பாலும் மாத்திரை போட்ட 30 முதல் 90 நிமிடத்துக்குள். தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு உடல் பழகிக்கொண்டது. ஆபத்து முதல் சில மாத்திரைகளில்தான் இருந்தது. இந்த இரண்டு எண்களிலிருந்து பிறந்தவைதான் இரண்டு விதிகள்: 1 மில்லிகிராமில் தொடங்கு, படுக்கப் போகும்போது போடு. அந்த 90 நிமிடத்தை ஆள் படுக்கையில் கழித்துவிட்டால் விழ இடமில்லை.

பிராசோசினின் தம்பி போன்ற டெராசோசின் 1993இல் அமெரிக்காவில் புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஒப்புதல் பெற்றபோது இந்த இரண்டு விதிகளையும் அப்படியே வாங்கிக்கொண்டது. அதற்கு அது பொருத்தமும்கூட. டெராசோசின் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு ஏறத்தாழ 12 மணிக்கு ஒரு முறை பாதியாகும். இரவு 9:30க்குப் போட்டால் 10:30க்கு உச்சம். பின்னிரவு 3 மணிக்கு உச்சத்தில் 77 சதவீதம்தான் மிச்சம். காலை 6 மணிக்கு 65. அதே மாத்திரையைக் காலை 8 மணிக்குப் போட்டிருந்தால் 9 மணிக்கு உச்சம். ஆள் அப்போது காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருப்பார். டெராசோசினுக்கு இரவு என்பது கணக்குப்படி சரியான நேரம்.

டாக்சாசோசினுக்குக் கணக்கு கொஞ்சம் தள்ளுகிறது. சாதாரண மாத்திரை 2 முதல் 3 மணி நேரத்தில் உச்சம் தொடும். அழுத்தம் அதிகமாக இறங்குவது 2 முதல் 6 மணி நேரத்துக்குள். இரவு 10 மணிக்குப் போட்டால் அந்தச் சாளரம் 12 மணியிலிருந்து 4 மணி வரை திறந்திருக்கிறது.

இப்போது டாம்சுலோசின். 0.4 மில்லிகிராம், மெல்ல மெல்ல மருந்தை விடும் குளிகை. முதல் நாளே முழு அளவு, படிப்படியாக ஏற்றும் தொல்லை இல்லை. சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் உச்சம் வர 6 முதல் 7 மணி நேரம் ஆகிறது. வெறும் வயிற்றில் எடுத்தால் 4 முதல் 5 மணி நேரம். வித்தியாசம் நேரத்தில் மட்டும் இல்லை: வெறும் வயிற்றில் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் அதிகம். அதனால்தான் அமெரிக்க அறிவுறுத்தல் தாளில் ‘தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து’ என்று போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் வழக்கமாகச் சொல்வது காலை உணவுக்குப் பின். இரண்டு இடத்திலும் ‘படுக்கும்போது’ என்ற சொல்லே கிடையாது. நம் ஊர்ச் சீட்டில் அது இடம்பிடித்தது அண்ணன்மார் வழி வந்த பழக்கத்தால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒருவரை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம், எழுபது தாண்டிய, ஓய்வுபெற்ற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி. செய்தி, சீரியல் எல்லாம் முடிந்து 10:30க்குப் படுக்கும்போது டாம்சுலோசின். சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அதுவும் இரண்டே இட்லி. வயிறு வெறும் வயிறுக்கு அருகில்தான் இருக்கிறது. 10:30உடன் 4 முதல் 5 மணி நேரம் கூட்டினால் உச்சம் 2:30க்கும் 3:30க்கும் இடையில், அதுவும் தேவைக்கு மேல் உயர்ந்த உச்சம். சரி, ஒழுங்காக 8:30க்கே, சாப்பிட்ட கையோடு போட்டார் என்று வையுங்கள். 6 முதல் 7 மணி நேரம் கூட்டினால் மறுபடியும் 2:30க்கும் 3:30க்கும் இடையில். உச்சம் தாழ்ந்திருக்கும், நேரம் மாறவில்லை. அவர் இரவில் சிறுநீருக்காக எழுந்திருப்பது எப்போது என்று கேட்டால், “மூணு மணிக்கு ஒரு தடவை கரெக்டா முழிப்பு வந்துரும்” என்பார்.

‘தூங்கிவிட்டால் தெரியாது’ என்ற பதிலில் இருக்கும் ஓட்டை இதுதான். அந்த மாத்திரையே இரவில் எழுந்திருக்கிறவருக்காகக் கொடுக்கப்படுவது. மாத்திரை எழுந்திருப்பதை நிறுத்திவிடாதா என்று கேட்கலாம். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,229 ஆண்களை வைத்து நடந்து, 1996இல் வெளியான டெராசோசின் ஆய்வின் தரவை வைத்துப் பின்னால் இதை எண்ணிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் இரவுக்குச் சராசரி 2.5 தடவை எழுந்தவர்கள், டெராசோசினுக்குப் பின் 1.8 தடவை எழுந்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 2.1. ஆக மருந்தின் சொந்த வரவு இரவுக்கு 0.3 தடவை. மாதத்துக்கு 9 நடை மிச்சம். மீதி 54 நடை இருளில், மருந்து உடம்பில் இருக்கும்போதே நடந்தாக வேண்டும். பகலில் சிறுநீர்ப் போக்கு தேறுவது நிஜம். இரவு நடையை இந்த மாத்திரை ஒழித்துவிடும் என்று நம்பித் திட்டமிடக்கூடாது.

தலைசுற்றல் எவ்வளவு பேருக்கு? இதற்கு இரண்டு பத்தி வேண்டும்: மருந்து எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள். அறுபது எழுபது வயதில் மருந்தே இல்லாமலும் தலை சுற்றும். அதைக் கழிக்காமல் மாத்திரையின் தலையில் கட்டினால் கணக்கு தப்பாகும்.

| மருந்து | நூற்றுக்கு தலைசுற்றல் | வெற்று மாத்திரையில் | மிச்சம் |
|---|---|---|---|
| டெராசோசின் | 26 | 7 | 19 |
| டாக்சாசோசின் | 15.6 | 9.0 | 6.6 |
| டாம்சுலோசின் 0.4 மி.கி. | 14.9 | 10.1 | 4.8 |
| அல்ஃபுசோசின் 10 மி.கி. | 5.7 | 2.8 | 2.9 |
| சிலோடோசின் 8 மி.கி. | 3.2 | 1.1 | 2.1 |

இவை தனித்தனி ஆய்வுகளின் எண்கள். கேட்ட விதமும் ஆட்களும் வேறு. அதனால் கடைசிப் பத்தியில் 4.8க்கும் 2.9க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மருந்தை மாற்றக் கிளம்ப வேண்டாம். ஆனால் டெராசோசினின் 19 மற்றவற்றிலிருந்து தனியாக நிற்பது தற்செயல் இல்லை. புரோஸ்டேட்டில் உள்ள ஆல்ஃபா ஏற்பிகளில் பத்துக்கு ஏழு ‘ஏ’ வகை; இரத்தக் குழாயில், குறிப்பாக வயதானவர்களுக்கு, ‘பி’ வகைக்கு முக்கிய இடம். டெராசோசினும் டாக்சாசோசினும் எல்லா வகையையும் ஒன்றுபோல் அடைக்கின்றன. டாம்சுலோசினும் சிலோடோசினும் ‘ஏ’வைக் கூடுதலாகத் தேடிப் போகின்றன. சிலோடோசின் இதற்கு வாங்கும் விலை வேறொன்று: நூற்றுக்கு 28 பேருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்புகிறது. எழுபது வயதில் சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை, சிலருக்கு அது பெரிய விஷயம். சீட்டு எழுதும் முன் கேட்கிற மருத்துவர்கள் குறைவு.

டாம்சுலோசினில் இன்னொரு எண்ணும் பார்க்கத்தக்கது. எழுந்து நிற்க வைத்து அழுத்தம் பார்த்த சோதனையில் ஒரு தடவையாவது சரிவு காட்டியவர்கள் 16 சதவீதம். வெற்று மாத்திரையில் 11. அதாவது மருந்து சேர்த்தது ஐந்து பேர். பதினொரு பேர் மாத்திரைக்கு முன்பே சரியும் உடம்போடு வந்தவர்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன் படுத்தும் நின்றும் ஒரு தடவை அழுத்தம் பார்த்து வைப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நம் எழுபது வயதுக்காரருக்குத் திரும்புவோம். காலையில் படுக்கையிலேயே 138/80, நின்று ஒரு நிமிடத்தில் 112/70, மூன்றாம் நிமிடத்தில் 116/72 என்று வைத்துக்கொள்வோம். மேல் எண்ணில் சரிவு 26, கோட்டைத் தாண்டிவிட்டார். நாடி 72இலிருந்து 90க்கு ஏறியிருந்தால் இதயம் தன் வேலையைச் செய்கிறது, குழாய்தான் இறுக மறுக்கிறது. சந்தேகம் மருந்தின் மேலோ உடம்பில் தண்ணீர் குறைந்ததன் மேலோ போகும். நாடி ஏறவே இல்லை என்றால் கதை வேறு: நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கலாம், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயும் காரணமாகலாம். மாத்திரையை மட்டும் மாற்றிப் பயன் இருக்காது.

அவருடைய சீட்டில் மருத்துவர் மாற்றக்கூடியது நேரம். மதியச் சாப்பாடு நம் வீடுகளில் கனமானது. 1:30க்குச் சாப்பிட்டு 2 மணிக்கு டாம்சுலோசின் போட்டால் உச்சம் இரவு 8 முதல் 9 மணிக்குள். ஆள் விழித்திருப்பார், விளக்கு எரியும், வீட்டில் மற்றவர்களும் இருப்பார்கள். பின்னிரவு 3 மணிக்கு மருந்து உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கும். அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது: வயதானவர்களில் இந்த மருந்து பாதியாக 14, 15 மணி நேரம் ஆகிறது, உச்சத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் இருக்கும். நேரத்தை மாற்றுவது உச்சத்தின் முனையை மழுக்குகிறது, அவ்வளவுதான். காலை அம்லோடிபின் அளவு இன்னும் தேவையா என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி. இரண்டையும் தானாகவே மாற்றிக்கொண்டால், எது உதவியது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு எழும்போது செய்ய வேண்டியது தனி. கட்டிலோரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடமாவது உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைத்துவிட்டு எழ வேண்டும். கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். பிறகு உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். நின்றபடி சிறுநீர் போகும்போதும் அழுத்தம் இறங்கி மயக்கம் வருவது தனியாக அறியப்பட்ட ஒன்று. அதன் மேல் மாத்திரையும் சேர்ந்தால் குளியலறைத் தரையில் விழுவது எளிது. கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரையே குறைப்பவர்கள் உண்டு. மே மாத வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்பவரை இந்த மாத்திரை சீக்கிரம் சாய்க்கும். குறைக்க வேண்டியது மாலைக்குப் பிந்தைய தண்ணீரை. பகல் தண்ணீரை இல்லை. கிருத்திகை, ஏகாதசி என்று பட்டினி கிடக்கும் நாளில் டாம்சுலோசின் வெறும் வயிற்றில் போகிறது. மேலே சொன்ன 40 முதல் 70 சதவீதம் அன்றைக்குத்தான் வரும். பலகாரம் சாப்பிடும் வேளைக்கு மாத்திரையைத் தள்ளி வைப்பது நல்லதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். அல்ஃபுசோசினுக்கு இது தலைகீழ்: வெறும் வயிற்றில் உறிஞ்சல் பாதியாகிவிடும், மருந்தின் வேலையும் குறையும்.

கடைசியாகப் பணக்கணக்கு, ஏனென்றால் விழுவதற்கு அதுவும் ஒரு காரணமாகிறது. நம் ஊரில் இவை 10 அல்லது 15 மாத்திரை அட்டையாக வருகின்றன. அட்டையில் அச்சிட்ட விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் ஆண்டுச் செலவு. கணக்குக்காக ஒரு மாத்திரை 10 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,650. அதே உப்பு, அதே 0.4 மில்லிகிராம், வேறு பெயரில் 4 ரூபாய்க்குக் கிடைத்தால் 1,460. வாங்கும்போது பெயரை விட்டு உப்பையும் அளவையும், ‘மெல்ல விடும்’ வகைதானா என்பதையும் ஒப்பிட வேண்டும்.

ஓய்வூதியம் வர இரண்டு மூன்று நாள் தாமதமானால் அட்டை தீர்ந்துபோய் மாத்திரை நின்றுவிடும். சில நாள் கழித்துப் புது அட்டை வாங்கி, விட்ட இடத்தில் தொடங்குவார்கள். இதற்கும் எண் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளில் 40 முதல் 85 வயது வரையிலான 3,83,567 பேரைப் பார்த்த ஆய்வு 2013இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. டாம்சுலோசின் தொடங்கிய முதல் நான்கு வாரத்தில், கடும் அழுத்தச் சரிவால் மருத்துவமனையில் சேரும் வீதம் 2.12 மடங்கு, அடுத்த நான்கு வாரத்தில் 1.51. நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியவர்களுக்கும் சுமார் 1.8 மடங்கு. ஆக ஒவ்வொரு இடைவெளியும் ஆளை முதல் மாதத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

டெராசோசினில் இந்த இடைவெளி இன்னும் விலை கூடியது. பிரிட்டனில் விற்ற தொடக்கப் பெட்டியில் 1 மில்லிகிராம் ஏழு, 2 மில்லிகிராம் பதினான்கு, 5 மில்லிகிராம் ஏழு என்று நான்கு வாரத்துக்கு 28 மாத்திரை இருந்தது. அப்படி ஏணி ஏறித்தான் முழு அளவுக்குப் போக வேண்டும். சில நாட்கள் விட்டுப்போனால் மறுபடியும் 1 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது அறிவுறுத்தல் தாள். ஐந்திலோ பத்திலோ நின்றவர் அதே அளவை இடைவெளிக்குப் பின் விழுங்கினால், 1970களின் பிராசோசின் நோயாளி நின்ற இடத்துக்கே போய்விடுகிறார். டெராசோசின் எடுப்பவர் ஒரு அட்டை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால், மாத்திரையைப் பிரிக்கும் முன் மருத்துவருக்கு ஒரு போன் செய்வது நல்லது. அதே அழைப்பில், கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தால் அதையும் சொல்லிவிடலாம்: டாம்சுலோசின் எடுப்பவரின் கண்பாவை அறுவையின் நடுவில் தளர்ந்து சுருங்கும் என்பது 2005இல் வெளியானதிலிருந்து, கண் மருத்துவர் முன்கூட்டியே கேட்க விரும்பும் தகவல் அது. மாத்திரையை முன்பே நிறுத்திவிட்டாலும் அந்தத் தளர்ச்சி போய்விடும் என்று உறுதியில்லை. அதனால் பழைய அட்டையையே கையோடு எடுத்துப்போய்க் காட்டுவது எளிது.